பர்லியாறு ஏற்றத்தில் வேகமுள்ளைப் படித்து ஒரு கிலோமீட்டரை அளந்தோம்

குன்னூர் சித்தி

வேகம்–காலம் வரைபடத்தின் கீழே இருக்கும் பரப்புதான் கடந்த தொலைவு என்பது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்கு மனப்பாடம். ஆனால் "பரப்புன்னா சதுர சென்டிமீட்டர்தானே சித்தி, அது எப்படி மீட்டராகும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் காரில் திரும்பும்போது அதைச் செய்தே பார்த்துவிட்டோம்.

பர்லியாறு தாண்டி ஒரு கிலோமீட்டர் கல்லில் ஆரம்பித்தோம். நான் கைபேசியில் நேரம் பார்த்து 15 நொடிக்கு ஒருமுறை சொல்ல, அவள் வேகமுள்ளைப் பார்த்து எழுதினாள். நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அடுத்த கல் வந்தபோது சரியாக 120 நொடி. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் அவள் எழுதியவை: 30, 36, 36, 18, 30, 36, 36, 30, 24.

வீட்டுக்கு வந்து வரைபடத்தாளில் போட்டோம். கிடையில் ஒரு சென்டிமீட்டருக்கு 15 நொடி, நெடுக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு மணிக்கு 18 கி.மீ. இந்த 18-ஐ வேண்டுமென்றே எடுத்தேன், ஏனென்றால் அது நொடிக்குச் சரியாக 5 மீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் கட்டம் என்பது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 15 நொடி போனது, அதாவது 75 மீட்டர். அவள் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. தாளில் கட்டம் ஒரு சதுர சென்டிமீட்டர்தான், ஆனால் அதன் ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் வேகம். இரண்டையும் பெருக்கினால் மீட்டர்தான் வரும்.

புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் எட்டுச் சரிவகங்கள். முதல் துண்டு 30-லிருந்து 36-க்கு ஏறுகிறது; சராசரி 33, அது 137.5 மீட்டர். அடுத்தது சமமாக 36, 150 மீட்டர். வளைவுக்கு இறங்கும் துண்டு 112.5, வளைவிலிருந்து ஏறும் துண்டு 100. இப்படியே எட்டையும் கூட்டினால் 1037.5 மீட்டர் வருகிறது. கல்லுக்குக் கல் 1000 மீட்டர்தான். மிச்சம் 37 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெலிங்டன் டியூஷன் அண்ணன்

இவ்வளவு துண்டு போட வேண்டியதே இல்லை அக்கா. சரிவகச் சூத்திரம் ஒன்று போதும். ஆரம்ப வேகம் 30, கடைசி வேகம் 24, சராசரி 27. 120 நொடிக்குப் பெருக்கினால் 900 மீட்டர். பரீட்சையில் இப்படித்தான் போடுவோம்.

கோத்தகிரி ஓய்வு ஆசிரியர்

தம்பி, சூத்திரம் சரி, இடம்தான் தப்பு. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை வேகம் ஒரே நேர்கோட்டில் மாறினால்தான் இரண்டு முனைகளை மட்டும் வைத்துச் சராசரி எடுக்கலாம். இங்கே நடுவில் வண்டி 36-ல் ஓடியிருக்கிறது, 18-க்கும் இறங்கியிருக்கிறது. முனைகளுக்கு அது தெரியாது. உங்கள் 900-ல் அந்த மேடெல்லாம் விட்டுப்போயிற்று. 15 நொடித் துண்டுக்குள் கோடு நேராக இருக்கும் என்று ஓரளவு நம்பலாம், அதனால்தான் அதே சூத்திரம் அங்கே செல்லுகிறது.

அம்மா, உங்கள் 37 மீட்டரில் எனக்கு முதல் சந்தேகம் வேகமுள்ளின் மேல். உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, கார்களில் அதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைப்பார்கள். உயரமெல்லாம் கொஞ்சம் கூடினால் பரப்பும் அதே விகிதத்தில் கூடும். சோதிப்பது சுலபம். கல்லாறுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே சமமான சாலையில் முள்ளை 40-லேயே நிறுத்தி, கல்லுக்குக் கல் நேரம் பாருங்கள். வரைபடம் வெறும் செவ்வகம், வளைவுக் குழப்பம் இல்லை. 40-ல் ஒரு கிலோமீட்டருக்கு 90 நொடி ஆக வேண்டும். அதிகமானால் முள் கூட்டிக் காட்டுகிறது என்று அர்த்தம்.

கேத்தி கேரட் தோட்டம்

எனக்கு ஒரு சந்தேகம். கொண்டை ஊசி வளைவில் திரும்பினதும் வண்டி வந்த திசைக்கே எதிராகத்தானே போகிறது? அப்போ அதுக்கு மேலே உள்ள பரப்பைக் கழிக்க வேண்டாமா? கூட்டினதால்தான் அதிகமாக வந்திருக்கும்.

கோத்தகிரி ஓய்வு ஆசிரியர்

இல்லைங்க. கழித்தால் கிடைப்பது புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது. அதற்குத் திசையோடு சேர்த்த வேகம் வேண்டும். முள்ளுக்குத் திசை தெரியாது, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதுதான் தெரியும். கிலோமீட்டர் கல்லும் சாலையோடுதான் அளக்கிறது. அதனால் இரண்டையும் ஒப்பிடலாம். ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட ஒரு வண்டி 20 மீட்டர் பின்னால் வந்தால், அந்த 20-ஐயும் கூட்டத்தான் வேண்டும், மறுபடி முன்னால் போன 20-ஐயும்.

அரவங்காடு ரயில்காரர்

எங்கள் மலை ரயிலுக்கு இந்தப் படம் வேறு மாதிரி. கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரப் பாதை, சுமார் 20 கி.மீ. மணிக்கு 13-க்கு மேல் போகாது. அதனால் படம் கிட்டத்தட்ட தட்டையான கோடு. 20-ஐ 13-ஆல் வகுத்தால் ஒன்றரை மணி நேரம்தான் வரும், ஆனால் ரயில் அதைவிட ரொம்ப நேரம் எடுக்கும். மிச்ச நேரத்தில் ஒரு பகுதி ஹில்குரோவ் மாதிரி இடங்களில் தண்ணீர் பிடிக்க நிற்பது. அங்கே கோடு அடியில் படுத்துவிடும், நேரம் ஓடும், பரப்பு ஒன்றும் சேராது. என் பேரன் நின்ற நேரத்தை விட்டுவிட்டு வரைந்தான். தொலைவு சரியாகவே வந்தது, வந்து சேரும் நேரம்தான் இடித்தது.

குன்னூர் சித்தி

சார் சொன்னபடி கல்லாறு பாக்குத் தோப்புப் பக்கம் செய்து பார்த்தோம். முள் 40-ல், கல்லுக்குக் கல் 93 நொடி. அப்படியென்றால் உண்மை வேகம் 38.7 தான். 1037.5-ஐ அதே விகிதத்தில், 93-க்கு 90 என்று குறைத்தால் 1004 மீட்டர். நாலு மீட்டர்தான் வித்தியாசம், அவள் துள்ளிக் குதித்தாள்.

ஆனால் வண்டி ஓட்டிய என் கணவர் வேறு சொல்கிறார். வளைவில் வேகம் 12 வரைக்கும் இறங்கியதாம். நாங்கள் 45-ஆவது நொடியில் பார்க்கும்போது மறுபடி 18-க்கு ஏறியிருக்குமாம்.

கோத்தகிரி ஓய்வு ஆசிரியர்

அப்படியானால் கணக்கை மறுபடி போட வேண்டும். 42-ஆவது நொடியில் 12 என்று வைத்தால், அந்த 15 நொடிக்கு 112.5 வராது. 36-லிருந்து 12-க்கு இறங்கிய 12 நொடிக்கு 80 மீட்டர், 12-லிருந்து 18-க்கு ஏறிய 3 நொடிக்கு 12.5. மொத்தம் 92.5. ஒரே பள்ளத்தைத் தவறவிட்டதில் 20 மீட்டர்! திருத்தின பிறகு உங்கள் 1004 சுமார் 985 ஆகிவிடும். அந்த ஏற்றத்தின் நேரான பகுதிகளில் இரண்டு அளவுகளுக்கு நடுவே முள் 38, 39 என்று ஏறி இறங்கியிருந்தால் அது இந்தக் குறையில் கொஞ்சத்தை ஈடு கட்டியிருக்கலாம். இருக்கும் ஒன்பது எண்களை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

அடுத்த முறை வேகமுள்ளைக் கைபேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள். வீட்டில் நிறுத்தி நிறுத்தி, வளைவுப் பக்கம் நொடிக்கொரு அளவு, மற்ற இடத்தில் 5 நொடிக்கொன்று எடுக்கலாம்.

வெலிங்டன் டியூஷன் அண்ணன்

சார், திடீரென்று பிரேக் போடும்போது முள்ளே கொஞ்சம் தாமதமாகத்தானே இறங்கும்? அப்போ வீடியோவிலும் 12 தெரியாமல் போகலாமே?

கோத்தகிரி ஓய்வு ஆசிரியர்

நல்ல கேள்வி தம்பி. தாமதமானால் பள்ளம் கொஞ்சம் வலப்பக்கம் நகரும், ஆழமும் குறையலாம். இறங்கும்போது கூட்டிக் காட்டியதை, ஏறும்போது குறைத்துக் காட்டிச் சரிசெய்யும் என்று நினைக்கிறேன். முழுக்கச் சரியாகுமா என்பதை அந்த வீடியோவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே வளைவை ஒருமுறை மெதுவாக பிரேக் போட்டும், ஒருமுறை வழக்கம்போலவும் எடுத்துப் பாருங்கள்.