உதவி: மருமகள் பிஓவி குறுநாடகம், மூன்று நொடியில் பார்வையாளர்கள் போய்விடுகிறார்கள்

வளவுப்பெண்: கானாடுகாத்தானில் உறவினர் வீட்டில் எடுத்தோம். பார்ப்பவர்தான் புது மருமகள், நான் மாமியார். மூன்றாவது நொடிக்குள் பாதிப்பேர் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நாளை மட்டும்தான் வீடு கிடைக்கும். என்ன செய்யலாம்?

தேவகோட்டை செந்தில்: முதல் வரி என்ன? கேமரா எங்கே இருந்தது?

கல்யாணப்படம்: கேமராவைத் தலையில் பட்டை போட்டுக் கட்டுங்கள். நான் பெண் அழைப்பு முழுவதையும் அப்படித்தான் எடுத்தேன்.

வளவுப்பெண்: ஸ்டாண்டில்தான் இருந்தது. முதலில் முகப்பு முதல் உள்முற்றமான வளவு வரை வீட்டைக் காட்டுகிறோம். பிறகு நான், "புது மருமகள் இன்று வீட்டுக்கு வருகிறாள், பாருங்கள்" என்கிறேன். தங்கை தலைகுனிந்து நிற்பாள்.

பழைய கை: மருமகளைத் திரையில் நிறுத்திவிட்டால் அது பிஓவியே அல்ல. இந்த அடிப்படையை இங்கே எத்தனை முறை எழுதுவது? தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம்.

ஆத்தங்குடி மீனா: சொன்னது சரி, இவ்வளவு கடுமை வேண்டாம். தங்கச்சி, தங்கையைக் காட்சியிலிருந்து நீக்கிவிடுங்கள். அவள் நின்ற இடத்தில், அவள் கண் உயரத்தில் போனை வையுங்கள். திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் லென்ஸையே பாருங்கள். பார்வை சற்று விலகினாலும் யாரிடமோ பேசுவது போல ஆகிவிடும்.

முதல் வரி நிலைமையை விளக்கக் கூடாது, பார்ப்பவரிடம் ஏதாவது கேட்க வேண்டும். "இவ்வளவு நேரமா? செருப்பை அங்கேயே விடு. உன் அம்மா பலகாரம் ஒன்றும் கொடுத்துவிடவில்லையா?" இதிலேயே வந்தவள் யார், பேசுபவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. கேட்டபின் ஒன்றரை நொடி காத்திருங்கள். பார்ப்பவர் மனத்துக்குள் பதில் சொல்லும் இடம் அது. "என்ன, கொடுக்கவில்லை என்கிறாயா?" என்று அவர் பதிலை நீங்களே திருப்பிச் சொன்னால் அந்த இடம் அடைபட்டுவிடும். முகத்தை மட்டும் மாற்றுங்கள்.

தேவகோட்டை செந்தில்: வீட்டைக் காட்டாமல் என்ன செட்டிநாடு? வளவுத் தூண்களைப் பார்க்கத்தானே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்!

ஆத்தங்குடி மீனா: காட்டலாம், மருமகளின் கண்ணால். அந்தப் பலகாரக் கேள்விக்கு அவள் தலை குனிவாள்; போனை மெதுவாகக் கீழே சாயுங்கள். ஆத்தங்குடிக் கல் பூவேலையோடு திரையை நிறைக்கும்.

தேவகோட்டை செந்தில்: தரை தெரியும், தூண்கள் தெரியாதே. முகப்பிலிருந்து அவள் நடந்து வருவதையே முதல் காட்சியாக வைக்கலாம்.

பழைய கை: பேச்சில்லாத நடை நான்கு நொடி ஓடினால் மறுபடியும் அதே கதைதான்.

தேவகோட்டை செந்தில்: நடக்கும்போதே உள்ளிருந்து மாமியார் குரல் கேட்கட்டுமே?

பழைய கை: குரல் மட்டும் போதாது. முகம் வேண்டும்.

ஆத்தங்குடி மீனா: குரல் போதும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள்.

வளவுப்பெண்: எடுத்துவிட்டோம். செருப்பு வரியில்தான் தொடங்குகிறது, இந்த முறை பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மூன்றாவது நொடியில் அப்படிச் சரியவில்லை. குனியும்போது போன் ஆடுகிறது, அதற்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள். நன்றி மீனா அக்கா.

கல்யாணப்படம்: தலைப்பட்டை!