அக்சஸ் சுவிட்சுகளை இரண்டு கோர்களுக்கும் இணைத்த பின் பாதிக் கணினிகளுக்கு ஸ்டோரேஜ் எட்டவில்லை

கதிரவன்:
எங்கள் டேட்டா சென்டரில் இரண்டு நெக்சஸ் 9300 கோர் சுவிட்சுகள் விபிசி இணையாக இயங்குகின்றன. விலான் 100-இல் உள்ள ஸ்டோரேஜ் கருவி, எல்ஏசிபி மூலம் இரண்டு கோர்களுடனும் இணைந்துள்ளது. விலான் 200-இல் உள்ள பயனர்களின் அக்சஸ் சுவிட்சுகள் இதுவரை கோர் 1 உடன் மட்டுமே இணைந்திருந்தன. ஒரு கோர் நின்றாலும் வேலை தடைபடக் கூடாது என்பதற்காக, சென்ற வார இறுதியில் அவற்றையும் விபிசி வழியாக இரண்டு கோர்களுக்கும் கொண்டு சென்றோம். அன்று முதல் ஏறக்குறைய பாதிக் கணினிகளால் ஸ்டோரேஜை எட்ட முடியவில்லை. எட்டாத கணினிக்கு ஒருபோதும் எட்டுவதில்லை. எட்டுகிற கணினிக்குச் சிறு தடங்கலும் இல்லை. அதே விலான் 100-இல் இருக்கும் சர்வர்களையோ எல்லாக் கணினிகளும் எட்டுகின்றன. `show vpc` காட்டுவதில் குறை ஏதும் இல்லை. எங்கே தேடுவது?

முருகையன்:
பாதி வேலை செய்து பாதி செய்யவில்லை என்றால் ஹாஷ் தேர்ந்தெடுக்கும் இரண்டு பாதைகளில் ஒன்று கெட்டிருக்கிறது என்றுதான் பொருள். ஸ்டோரேஜிலிருந்து கோர் 2-க்குச் செல்லும் கேபிளையோ எஸ்எஃப்பி-யையோ சந்தேகிக்கிறேன். அந்த போர்ட்டை முடக்கிப் பாருங்கள், எல்லாக் கணினிகளுக்கும் எட்டிவிடும்.

கதிரவன்:
முடக்கிப் பார்த்தேன், ஐயா. அப்போதும் பாதிக் கணினிகள் எட்டவில்லை. ஆனால் அவற்றில் பல, முன்பு எட்டிக்கொண்டிருந்த கணினிகள். கோர் 1 பக்கத்து போர்ட்டை முடக்கினால் மற்றொரு பாதி எட்டாமல் போகிறது.

செல்வராணி:
கேபிள் கெட்டிருந்தால் பாதிக்கப்படும் கணினிகள் இப்படி இடம் மாறா. ஹாஷ் காரணம் என்று முருகையன் ஐயா சொன்னது சரியே. ஆனால் கெட்டிருப்பது பாதையன்று.

சில ஸ்டோரேஜ் கருவிகள் பதில் அனுப்பும்போது கேட்வேயின் மேக் முகவரியைத் தேடுவதில்லை. கோரிக்கை எந்த மேக் முகவரியிலிருந்து வந்ததோ அதற்கே பதிலைத் திருப்பிவிடுகின்றன. ஒரு கணினியின் கோரிக்கையைக் கோர் 1 ரூட் செய்து அனுப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூல மேக், எச்எஸ்ஆர்பி-யின் பொது மேக் அன்று, கோர் 1-இன் சொந்த மேக். பதில் அந்த மேக்குக்கே எழுதப்படுகிறது. ஆனால் ஸ்டோரேஜின் ஹாஷ் அதைக் கோர் 2-க்குத் தள்ளுகிறது. அந்த மேக் தன்னுடையது அல்ல என்பதால் கோர் 2 அதைப் பீர் லிங்க் வழியாகக் கோர் 1-க்கு அனுப்புகிறது. கோர் 1 அதை விலான் 200-க்கு ரூட் செய்து அக்சஸ் சுவிட்ச் பக்கம் அனுப்ப முற்படும் இடத்தில்தான் அது கைவிடப்படுகிறது. பீர் லிங்கில் வந்த பாக்கெட், இரு பக்கமும் உயிரோடிருக்கும் விபிசி போர்ட் வழியே வெளியேறக் கூடாது என்பது லூப்பைத் தடுக்கும் அடிப்படை விதி.

சென்ற வாரம் வரை அக்சஸ் சுவிட்சுகள் கோர் 1-இல் மட்டும் தனித்து இருந்ததால் அந்த விதி அவற்றைத் தொடவில்லை. குறை முன்பே இருந்தது; பீர் லிங்க் அதைச் சுமந்துகொண்டிருந்தது.

ஸ்டோரேஜ் பக்கத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்து, பதிலின் இலக்கு மேக்கைப் பாருங்கள். எச்எஸ்ஆர்பி முதற்பதிப்பில் குழு எண் 100 என்றால் `0000.0c07.ac64` இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஏதேனும் ஒரு கோரின் சொந்த மேக் இருந்தால், இரண்டு கோர்களிலும் இதைச் சேருங்கள்:

```
vpc domain 10
  peer-gateway
```

இதன் பின் ஒவ்வொரு கோரும் மற்றதன் மேக்குக்கு வரும் பாக்கெட்டுகளையும் தானே ரூட் செய்துவிடும். பீர் லிங்கைக் கடக்க வேண்டியதில்லை.

அன்வர்:
பொறுங்கள், அதை உடனே இட்டுவிடாதீர்கள். நாங்கள் அதை இட்ட அன்று ஃபயர்வாலுடன் இருந்த ஓஎஸ்பிஎஃப் உறவு `EXSTART` நிலையில் நின்றுவிட்டது. ஆகவே அந்தக் கட்டளையே ஆபத்தானது என்பது என் கருத்து.

செல்வராணி:
உங்கள் ஃபயர்வால் விபிசி வழியாகவே இரண்டு கோர்களுடனும் ஓஎஸ்பிஎஃப் பேசியிருக்கும், அன்வர். ஓஎஸ்பிஎஃப் பாக்கெட்டுகளின் டிடிஎல் 1. கோர் 1-க்கு உரியதைக் கோர் 2 ரூட் செய்ய முயன்றால் டிடிஎல் பூச்சியமாகி, பாக்கெட் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு `layer3 peer-router` என்ற தனிக் கட்டளை உண்டு. `peer-gateway` இருந்தால்தான் அது இயங்கும். கதிரவன் சொன்ன அமைப்பில் விபிசி வழியாக ரூட்டிங் பேசும் கருவி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

கதிரவன்:
பிடித்துப் பார்த்தேன். எட்டாத கணினிக்குச் சென்ற பதிலில் கோர் 1-இன் மேக்தான் இருந்தது. இரவில் இரண்டு கோர்களிலும் கட்டளையை இட்டோம். `show vpc` இல் `Peer Gateway : Enabled` என்று வந்தது, எல்லாக் கணினிகளும் எட்டுகின்றன. `show mac address-table` இல் மற்ற கோரின் மேக்குக்கு முன்னால் இப்போது `G` தெரிகிறது.

இரண்டு கேள்விகள் மிஞ்சியுள்ளன. ஸ்டோரேஜிலேயே அந்தப் பதில் முறையை நிறுத்திவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். அதைக் கவனிக்கும் பொறியாளர் வேகம் குறையும் என்று மறுக்கிறார். மேலும், அடுத்த மாதம் வரவிருக்கும் ஃபயர்வால் ஓஎஸ்பிஎஃப் பேசும். அதை விபிசி-யில் இணைப்பதா, ஒவ்வொரு கோருக்கும் தனி ரூட்டட் இணைப்பாகக் கொடுப்பதா?

செல்வராணி:
தனி ரூட்டட் இணைப்பாகவே கொடுங்கள். பிழை வரும்போது தேடுவதற்கு அதுவே எளிது. ஸ்டோரேஜ் பற்றி நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தக் கருவியில் அளந்து பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதட்டும்.