பெனருக்கு வந்த பிள்ளைகளின் படங்கள்: பின்னணி நீக்கும் இலவசத் தளத்தில் ஏற்றலாமா?

ரவி, தலவாக்கலை
பெனர் அடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடைந்த 14 பிள்ளைகளின் படங்களை ஒரு தோட்டப் பாடசாலை அனுப்பியது. பின்னணியை நீக்க எல்லாவற்றையும் ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினேன். ஒரு தாய் கடைக்கு வந்து, "என் மகளின் படத்தை எங்கே அனுப்பினீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இனி ஏற்றுவதற்கு முன்னர் எதைப் பார்க்க வேண்டும்?

ஹட்டன் தாஸ்
தம்பி, அந்தப் படத்தைத்தானே சந்தியில் நான்கு அடி உயரத்தில் கட்டப்போகிறீர்கள்? பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கப்போகும் முகத்தில் என்ன இரகசியம்? நானும் அச்சுத் தொழிலில்தான் இருக்கிறேன். ஒரு படத்தைக் கையால் வெட்ட இருபது நிமிடம், தளத்தில் ஐந்து விநாடி. விழாக் காலத்தில் நான் எதைத் தேர்வேன் என்று நினைக்கிறீர்கள்?

செல்வி டீச்சர்
ஆமாம், அந்தத் தளங்களால் எனக்கும் கோபம்தான். கலைவிழாவில் ஆடிய பிள்ளையின் படத்தைக் கொடுத்தேன். தலையில் வைத்த கனகாம்பரத்தையும் பின்னலின் பாதியையும் சேர்த்தே வெட்டிவிட்டது. இதற்கு நல்ல தளம் எது?

பனிமூட்டம்
டீச்சர், அது வேறு வழக்கு. தாஸ் அண்ணாவுக்குப் பதில் சொல்கிறேன்.

சந்தியில் தொங்குவது வெட்டிய முகம். தளத்துக்குப் போனது வெட்டாத படம். எதை நீக்க வேண்டுமென்று ஏற்றினீர்களோ, அதையும் சேர்த்துத்தான் கொடுத்தீர்கள். லயத்து வாசலில் எடுத்த படமென்றால் பின்னால் கதவிலக்கம் இருக்கும், படியில் தம்பி தங்கை உட்கார்ந்திருப்பார்கள், கொடியில் துணி காயும். பெனரில் இவை எதுவும் வராது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கைபேசிக் கமராவில் இடப்பதிவு திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் நேரமும் படக்கோப்புக்குள்ளேயே எழுதப்படும். அந்த எண்களை வரைபடத்தில் இட்டால் புள்ளி அந்த லயத்தின் மேலேயே விழக்கூடும். ரவி, கடைக் கணினியில் ஒரு படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி `Properties`, பிறகு `Details` திறந்து கீழே வரை போய்ப் பாருங்கள். `GPS` என்ற பகுதி இருக்கிறதா?

லக்ஸபான
வீண் பயம். பெற்றோர் அனுப்பியது வட்ஸ்அப்பில்தானே? வட்ஸ்அப் அந்த விபரங்களை எல்லாம் கழற்றிவிடும். தளத்தின் முகவரியில் பூட்டுச் சின்னமும் இருக்கிறது. மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் ஒரு தடயமும் இராது.

பனிமூட்டம்
மூன்றில் ஒன்று சரி, அதுவும் பாதிதான். சாதாரணப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் கழற்றிவிடும். `Document` ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பூட்டுச் சின்னம் வழியில் எவரும் பறிக்காமல் காக்கும். படம் போய்ச் சேர்ந்த பின்னர் அங்கே என்ன நடக்கிறது என்பதில் அதற்கு வேலையில்லை. மறைநிலைச் சாளரம் மறைப்பது உங்கள் கணினியில் உள்ள வரலாற்றை மட்டும்.

ரவி, தலவாக்கலை
வயிற்றைக் கலக்குகிறது. "தரம் குறையும், Document ஆக அனுப்புங்கள்" என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியவனே நான். இப்போதுதான் பார்த்தேன். 14 படங்களில் 9இல் `GPS` இருக்கிறது.

ஹட்டன் தாஸ்
சரி, அது எனக்கும் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "24 மணித்தியாலத்தில் அழித்துவிடுவோம்" என்று பல தளங்கள் எழுதியிருக்கின்றனவே?

பனிமூட்டம்
எழுதியிருப்பது நல்லதுதான், அழித்தார்களா என்று நாம் போய்ப் பார்க்க முடியாது. தனியுரிமைக் கொள்கையில் நான் மூன்றைத் தேடுவேன். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? "சேவையை மேம்படுத்த" அல்லது செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் படத்தைப் பயன்படுத்துவார்களா? நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா? மூன்றாவது இல்லையென்றால் முதலிரண்டையும் வாசிக்க நான் மினக்கெடமாட்டேன்.

கையால் சோதிக்கக்கூடியதும் உண்டு. சில தளங்கள் படத்தை எங்கும் அனுப்பாமல் உலாவிக்குள்ளேயே வெட்டுகின்றன. அவற்றை இப்படிக் கண்டுபிடிக்கலாம். முதலில் ஒரு தேநீர்க் கோப்பையின் படத்தைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். உள்ளே வெட்டும் தளமென்றால் அதற்குத் தேவையான செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கோப்பு அப்போதுதான் இறங்கும். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்காமல், இன்னொரு கோப்பைப் படத்தைக் கொடுங்கள். வெட்டினால் வேலை உங்கள் கணினியில்தான் நடக்கிறது. சுற்றிக்கொண்டே நின்றால் படம் வெளியே போகக் காத்திருக்கிறது.

லக்ஸபான
இணையம் திரும்பியதும் கமுக்கமாக அனுப்பினால்?

பனிமூட்டம்
நல்ல கேள்வி. அதனால்தான் கோப்பைப் படம். `F12` அழுத்தி `Network` பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு இணையத்தைத் திரும்பக் கொடுங்கள். `POST` என்று ஒரு வரி விழுந்தால் அதன் `content-length` எண்ணைப் பாருங்கள். அது இலட்சக்கணக்கில் இருந்தால் பெரும்பாலும் படம் போகிறது என்றுதான் பொருள். படத்தைச் சுருக்கி அனுப்பும் தளங்களும் உண்டு. எண் கோப்பின் அளவைவிடச் சிறியதாக இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம்.

வெட்டிய படத்தின் முகவரியையும் பாருங்கள். `https` என்று தொடங்கினால் அதை வேறொரு கைபேசியில் ஒட்டித் திறவுங்கள். அங்கும் திறந்தால், இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம். `blob:` என்றால் அந்த முடிவு உங்கள் உலாவியில் இருக்கிறது, ஆனால் மூலப்படம் போகவில்லை என்பதற்கு அது சாட்சியல்ல.

ஹட்டன் தாஸ்
இவ்வளவும் செய்வதற்குள் விழா முடிந்துவிடும்.

பனிமூட்டம்
தளத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும் அண்ணா, படத்துக்குப் படம் வேண்டாம். அதுவும் சிரமமென்றால் தளமே வேண்டாம். கடைக் கணினியில் பைதான் இருந்தால், கணினிக்குள்ளேயே பின்னணியை நீக்கும் `rembg` என்ற நிரலைப் போடுங்கள்:

```
pip install "rembg[cpu,cli]"
rembg i pillai.jpg pillai.png
```

முதல் தடவை சுமார் 170 மெகாபைட் மாதிரிக்கோப்பு இறங்கும். அதன் பிறகு சிக்னல் இல்லாத தோட்டத்திலும் வேலை செய்யும். பின்னலை இதுவும் சில வேளைகளில் கடிக்கும், டீச்சர்.

தளத்தில்தான் செய்வேன் என்றால், முகமும் தோளும் மட்டும் தெரியும்படி திரையில் பெரிதாக்கி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகத்துக்கும் தோளுக்கும் வெளியே உள்ளதை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். லயமும் நீங்கிவிடும், இடப்பதிவும் நீங்கிவிடும். முகம் மட்டும் தளத்துக்குப் போகத்தான் செய்யும்.

ரவி, தலவாக்கலை
அச்சில் கலங்காதா?

ஹட்டன் தாஸ்
இதை நான் சொல்கிறேன். பெனரில் ஒரு பிள்ளையின் முகம் 10 அங்குலம் வருமா? அங்குலத்துக்கு 72 புள்ளி போதும். 720 புள்ளி. ஸ்கிரீன்ஷாட்டில் அவ்வளவு கிடைக்கும். எட்ட நின்று பார்ப்பதுதானே.

செல்வி டீச்சர்
இப்போதுதான் விளங்குகிறது. அந்தக் கலைவிழாப் படத்தில் பின்னால் வகுப்பே நின்றது. ரவி தம்பி, ஏற்கெனவே போன 14 படங்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?

லக்ஸபான
2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே. அதன்படி முறையிட முடியுமா?

ஹட்டன் தாஸ்
முகவரி இருக்கிறதா என்றே தெரியாத தளத்தின் மேலா? தம்பி, பெற்றோரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். போனது போனதுதான். பிறகு ஒருவரும் கடைப்பக்கம் வரமாட்டார்கள்.

பனிமூட்டம்
எனக்கு உடன்பாடில்லை. அழிக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதுங்கள், தாயிடமும் சொல்லுங்கள். பதில் வருமா என்பது வேறு கதை.

ரவி, தலவாக்கலை
கோப்பைப் படத்தை வைத்துப் பார்த்தேன். இணையத்தை நிறுத்தியதும் தளம் சுற்றிக்கொண்டே நின்றது. முகவரியைத் தேடினேன், ஒரு மின்னஞ்சல் மட்டும் இருக்கிறது. அதற்கு எழுதிவிட்டேன். சுவரில் இருந்த காகிதத்தையும் கிழித்துவிட்டேன். அந்தத் தாய் ஞாயிற்றுக்கிழமை பெனரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் எப்படித் தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.