தேங்காய்க்குப் பதில் தலை கேட்ட கதை

சிப்புட் தங்கச்சி

சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். கல்யாணமாகி 11 வருடம். வந்த புதிதில் மளிகைக்கடையில் 'கெலாப்பா பாருட்' என்று கேட்க வேண்டியதை 'கெப்பாலா பாருட்' என்று கேட்டுவிட்டேன். துருவிய தேங்காய் கேட்கப் போய்த் துருவிய தலையைக் கேட்டிருக்கிறேன். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கதையை இன்றுவரை விடவில்லை. தீபாவளிக்கு யார் வந்தாலும் பலகாரத்தோடு அதுவும் வரும்.

போன மாதம் கோயில் திருவிழா. அன்னதானத்துக்கு நாங்கள் எட்டுப் பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம், என் நாத்தனாரும் இருந்தார். என் வீட்டுக்காரர் தேங்காய் மூட்டையோடு வந்து, "இவகிட்ட துருவக் குடுக்காதீங்க, யார் தலையையாவது துருவிடுவா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் ஆண்டு படிக்கிற என் மகளும் சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு மலாய் வராது" என்றாள்.

நான் ஆறாம் ஆண்டோடு நின்றவள். அம்மா விடியுமுன் பால் மரம் சீவப் போய்விடுவார், கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. அது என் வீட்டுக்காரருக்கும் தெரியும். மகள் சொன்னதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. "லாரிக்கு மூணு மாசம் தவணை கட்டாம ஒளிஞ்சவரு பேசுறாரு" என்று போட்டுவிட்டேன். அப்புறம் கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனவர், மூன்று நாள் "சோறு இருக்கா" தவிர எதுவும் பேசவில்லை.

நான்காம் நாள் ராத்திரி, வாசல்படியில் அவர் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் லாரி விஷயத்தைச் சபையில் இழுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அந்தக் கெப்பாலா கதையை நாலு பேர் முன்னால சொன்னா படிக்காதவன்னு சொல்ற மாதிரி இருக்கு. அதை மட்டும் விட்டுடுங்க. என் குறட்டையை எவ்வளவு வேணாலும் சொல்லுங்க" என்றேன். அவர், "விளையாட்டுக்குத்தானே சொன்னேன். நீயும்தானே சிரிச்ச?" என்றார். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்ததா? என்ன சொன்னீர்கள்?

கூலிம் அண்ணன்

தங்கச்சி, பெரிசு பண்ணாதேம்மா. என்னைத் தோட்டத்தில் 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். நானே அதைச் சொல்லிச் சிரித்ததும் அவர்களுக்கு அலுத்துவிட்டது. நீயும் முந்திக்கொண்டு சிரித்துவிடு. ஆனால் சபையில் திருப்பி அடித்தது தப்பு, அது மட்டும் வேண்டாம்.

தைப்பிங் டீச்சர்

திருப்பி அடிக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்வது சரி. சிரிக்கச் சொல்வதுதான் இடிக்கிறது. 11 வருடமாகச் சிரித்துத்தான் இங்கே வந்து நிற்கிறது. நான் பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்தவள், இப்போது ஓய்வு.

தங்கச்சி, அவர் பொய் சொல்லவில்லை. கேலி பேசுகிறவருக்குத் தன் மனசில் இருக்கிற பிரியமும் தெரியும், அதனால் சொல் இலேசாகத் தெரியும். கேட்கிறவளுக்குச் சொல் மட்டும்தான் வந்து சேருகிறது. அதனால் அவர் நோக்கம் என்ன என்று வாதாடினால் விடியும்வரை வாதாடலாம். அதை அவரிடமே விட்டுவிடு. "நீங்க விளையாட்டாத்தான் சொன்னீங்க, நம்புறேன். நானும் சிரிச்சேன். எட்டுப் பேர் முன்னால வேற என்ன செய்ய முடியும்? உள்ளுக்குள்ள வலிச்சுது. இனிமே அதுக்குச் சிரிக்க மாட்டேன்." இவ்வளவு போதும். கூடவே அவர் அம்மா, பணம், போன வருட தீபாவளி எதையும் சேர்க்காதே. 'எப்பப் பார்த்தாலும்' என்று ஆரம்பித்தால் அவர் எப்போது அப்படிச் செய்யவில்லை என்று கணக்குக் காட்டுவார்.

சொன்னபடி சிரிக்காமலும் இருக்க வேண்டும். வாய் ஒன்று சொல்லி முகம் வேறு சொன்னால் முகத்தைத்தான் நம்புவார். திரும்ப ஆரம்பித்தால் சாதாரணக் குரலில் "அது வேணாங்க" என்று சொல்லிவிட்டுக் கை வேலையைத் தொடர். பழக்கம், ஒன்றிரண்டு முறை வாய் தவறும். தவறியதும் உன் முகத்தைப் பார்க்கிறாரா, இல்லை நீ வேண்டாம் என்றதையே அடுத்த கேலி ஆக்குகிறாரா என்று கவனி. பின்னது என்றால் விஷயம் வேறு.

பெடோங் மல்லிகை

இது மனரீதியான துன்புறுத்தல். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் இதையும் சேர்த்திருக்கிறது. 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்குப் போடு. என் பழைய வீட்டுக்காரரும் முதலில் ஜோக்குதான். அப்புறம் ஐசியை ஒளித்து வைத்தார், அம்மா வீட்டுக்குப் போனால் தெருவில் நின்று அசிங்கமாகப் பேசினார். நான் விளையாட்டு என்று நினைத்தே ஆறு வருடத்தை விட்டேன்.

தைப்பிங் டீச்சர்

மல்லிகை, உங்களுக்கு அந்த எண் அவசியமாக இருந்தது, சட்டம் பற்றிச் சொன்னதும் சரி. பயமும் காவலும் அடக்குதலும் இருக்கிற வீட்டில் 'இதமாகப் பேசு' என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே பேசுவதே ஆபத்தாகலாம். தங்கச்சி, அவர் கோபித்துக்கொண்ட மூன்று நாளும் உனக்குப் பயமாக இருந்ததா, சங்கடமாக இருந்ததா?

சிப்புட் தங்கச்சி

சங்கடம்தான் டீச்சர். பயம் இல்லை.

குலை லாரி

நான் எதிர்க்கட்சி. கேலி பண்ணுகிற ஆள். எங்கள் லயத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது, செத்த பிறகும் அந்தப் பெயரில்தான் விசாரிப்பார்கள். கிண்டல் பண்ணவில்லை என்றால் கோபமாக இருக்கிறோம் என்று அர்த்தம். என் மனைவி உடம்பைப் பற்றி ஒட்டுக்கடையில் ஒரு நாள் ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்து, "இதை வேற ஆம்பளை சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். கன்னத்தில் அடித்தது போல இருந்தது.

ஆனால் டீச்சர், கூட்டாளிகள் முன்னால் "அது வேணாங்க" என்றால் எனக்கு மானம் போய்விடும், பதிலுக்கு இன்னும் பேசுவேன். என் மனைவி வளையலைத் திருப்புவாள். பார்த்தால் நிறுத்திவிடுவேன். பார்க்காத நாளும் உண்டு.

தைப்பிங் டீச்சர்

வளையல் நல்ல யோசனை தம்பி. தனியாகப் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் அது சைகை, அதற்கு முன் வெறும் வளையல். பார்க்காத நாளைக்கு வாய்தான் வேண்டும். உங்கள் மானம் போவதைப் பற்றி நான் யோசிக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அவள் மானம் அங்கே ஏற்கெனவே போயிருக்கிறதே?

குலை லாரி

அதுவும் சரிதான். இருந்தாலும் வளையல்.

சிப்புட் தங்கச்சி

இரண்டு வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன். டீச்சர் சொன்னதை என் வார்த்தையில் சொன்னேன். 'இனிமே சிரிக்க மாட்டேன்' என்கிற இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?" என்றார். எனக்கே தெரியவில்லை என்றேன், அதுதான் உண்மை.

போன ஞாயிறு நாத்தனார் வீட்டில் என் வீட்டுக்காரர், "இவ கடைக்குப் போயி" என்று ஆரம்பித்தார். எனக்குக் கை நடுங்கியது, வளையலும் போடவில்லை. "அது வேணாங்க" என்றேன். "என்ன, என்ன?" என்று நாத்தனார் கேட்டார். அவர், "ஒண்ணுமில்ல, தே ஓ போடு" என்று சொல்லிவிட்டுத் தன் லாரி சேற்றில் புதைந்த கதையை எடுத்தார். சிரிப்பு குறைவுதான். திரும்பும்போது காரில் இரண்டு பேரும் பேசவில்லை.

மகள் விஷயம்தான் முடியவில்லை. நேற்றும் "அம்மா, கெப்பாலா" என்றாள். ஆரம்பித்தவர் நீங்கள், நீங்களே அவளிடம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ம் என்றார், இன்னும் சொல்லவில்லை. நானே சொல்லலாம், ஆனால் அவர் வாயால் அவள் கேட்க வேண்டும் என்றிருக்கிறது. பிடிவாதமா என்று தெரியவில்லை.

இன்று காலையில் கடைக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் துருவிய தேங்காய், இரண்டு வெள்ளிக்கு. படித்துவிட்டு வாயெடுத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பிப் போய்விட்டார்.