MIRO-வில் "Price too high", பில் போஸ்ட் ஆகவே மாட்டேங்குது: என்ன செய்யணும்?

நொய்யல்73

எஸ்ஏபி-யில் பர்ச்சேஸ் பில் ஒன்று ஒரு வாரமாக நிற்கிறது. நைலான் கிரானுல்ஸ் 500 கிலோ. பி.ஓ.வில் கிலோ ₹212, ஆக ₹1,06,000. ஜி.ஆர். முழு 500 கிலோவுக்கும் போட்டாச்சு. சப்ளையர் பில்லில் வரிக்கு முந்தைய தொகை ₹1,09,000, ஜி.எஸ்.டி. 18% ₹19,620, மொத்தம் ₹1,28,620.

MIRO-வில் ஐட்டம் லைனில் 1,09,000 என்று அடித்ததும், விலை அதிகம், 2% டாலரன்ஸ் தாண்டிடுச்சு என்று சிவப்பில் வருகிறது. சேவ் ஆக மாட்டேங்குது. பேமென்ட் தேதி நெருங்குகிறது. சப்ளையரிடம் 2%-க்குள் குறைத்துத் தரச் சொல்லலாமா?

பில்கட்டு

இதுக்கு ஏங்க இவ்வளவு கவலை? விலை வித்தியாசம் வந்தால் மஞ்சள் எச்சரிக்கைதான் வரும். என்டர் தட்டி போஸ்ட் பண்ணுங்க. பில் பேமென்ட் பிளாக் "R"-ஓட உட்காரும். அப்புறம் MRBR-ல போய் ரிலீஸ் பண்ணிடலாம். ரொம்ப அவசரம்னா OMR6-ல PP-யோட 2 சதவீதத்தை 3 ஆக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

நொய்யல்73

மஞ்சள் இல்லைங்க, சிவப்பு. என்டர் தட்டினாலும் அங்கேயேதான் நிற்கிறது.

மூணுவழிப்பொருத்தம்

பில்கட்டு சொன்னதில் முதல் பாதி சரி. வழக்கமாக எச்சரிக்கைதான் வரும், பில் பிளாக்கோடு போஸ்ட் ஆகும். உங்கள் கம்பெனியில் OMRM-ல் அந்த மெசேஜையே எரராக மாற்றி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் சிவப்பு. இப்போதைக்கு MIR7-ல் பார்க் பண்ணி வையுங்கள். பில் சிஸ்டத்துக்குள் வந்துவிடும், கைதவறிப் போகாது, கணக்கில் எதுவும் ஏறாது.

OMR6-ஐ மட்டும் தொடாதீர்கள். அந்த எல்லை கம்பெனி கோடு முழுவதற்குமானது. ஒரு பில்லுக்காக 3 சதவீதம் ஆக்கினால் அன்றைக்கு வரும் எல்லா சப்ளையர் பில்லும் 3 சதவீதம் வரை கேள்வியில்லாமல் போய்விடும். திரும்ப 2 ஆக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சப்ளையரை 2%-க்குள் குறைக்கச் சொல்வதும் தப்பு. டாலரன்ஸ் என்பது பேரம் பேசக் கிடைத்த இடம் இல்லை. கிலோ ₹212 என்று பேசியிருந்தால் 212தான் தர வேண்டும், 216 இல்லை. தவிர, PP-யில் சதவீதத்தோடு ரூபாய் எல்லையும் இருக்கும், இரண்டில் எதைத் தாண்டினாலும் மாட்டும். ரூபாய் எல்லை 2,000 என்று வையுங்கள். உங்கள் பில் 1.9% மட்டும் அதிகமாக இருந்தாலும் வித்தியாசம் ₹2,014, அதுவும் நிற்கும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். சப்ளையர் பில்லில் ரேட் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது? 218-ஆ, 212-ஆ?

கம்பிவடம்

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். கம்பியை எண்ணிக்கையில் ஆர்டர் போடுகிறோம், விலை கிலோவுக்கு. எடைமேடையில் எடை கூடிவந்தால் பிளாக். ஜி.ஆர்.-ஐ ரத்து பண்ணி, வந்த எடையை ஆர்டர் பிரைஸ் யூனிட்டில் சரியாகப் போட்டு மறுபடி எடுங்க, சரியாகிடும்.

மூணுவழிப்பொருத்தம்

கம்பிவடம், உங்களுடையது வேறு கேஸ். அங்கே ஆர்டர் யூனிட்டும் விலை யூனிட்டும் வேறு வேறு. இங்கே இரண்டும் கிலோதான், 500-க்கு 500 பொருந்துகிறது. ஜி.ஆர்.-ல் கை வைக்க வேண்டாம்.

நொய்யல்73

இப்பதான் பில்லை முழுசா பார்த்தேன். ரேட் 212தான் சார்! கீழே தனி வரியில் "லாரி வாடகை 3,000" என்று இருக்கிறது. இரண்டையும் கூட்டி 1,09,000-க்கு வரி போட்டிருக்கிறார்கள். நான் கூட்டுத்தொகையை ஐட்டத்தில் அடித்திருக்கிறேன்.

மூணுவழிப்பொருத்தம்

அதுதான் விஷயம். 1,09,000-ஐ 500-ஆல் வகுத்தால் 218, அதை சிஸ்டம் 212-ஓடு ஒப்பிட்டு 2.83% அதிகம் என்று நிறுத்துகிறது. விலை ஏறவில்லை, வாடகை பொருள் விலைக்குள் புகுந்துவிட்டது.

இனி ME23N-ல் பி.ஓ.வைத் திறந்து இன்கோடெர்ம்ஸையும் ஹெடர் டெக்ஸ்டையும் பாருங்கள். வாடகை தனி என்று எழுதியிருந்தால் பார்க் பண்ணிய பில்லில் ஐட்டத் தொகையை 1,06,000 ஆக்கி, Details டேபில் உள்ள Unpl. Del. Csts கட்டத்தில் 3,000 போடுங்கள். வரி 19,620, மொத்தம் 1,28,620. பேலன்ஸ் பூஜ்யம் வந்து விளக்கு பச்சையானால் போஸ்ட் பண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் போடும் தொகையை விலை டாலரன்ஸ் பார்க்கவே பார்க்காது. நிஜமான விலை ஏற்றத்தைக்கூட அங்கே ஒளித்துவிட முடியும். அதனால் லாரி ரசீது நகலையும், வாடகை தனி என்று சொல்லும் பி.ஓ. பக்கத்தையும் பில்லோடு இணைத்தே ஆக வேண்டும்.

வாடகை விலையோடு சேர்ந்தது என்றிருந்தால் 3,000 நாம் தர வேண்டியதில்லை. சப்ளையர் பில்லில் வரியும் சேர்த்து ஏறியிருப்பதால், ₹3,000-க்கும் அதன் வரி ₹540-க்கும் அவர்தான் கிரெடிட் நோட் தர வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டம் 34-வது பிரிவுப்படி, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது அவர் ஆண்டு ரிட்டர்ன் போடும் நாளுக்குள், இரண்டில் எது முந்தியோ அதற்குள் அவர் அதைக் காட்டினால்தான் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கொள்முதல்மேசை

பர்ச்சேஸ் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஒருவேளை நிஜமாகவே ரேட் 218 என்று ஒத்துக்கொண்டிருந்தால், பி.ஓ.வைத் திருத்துவது எங்கள் வேலை, ஏ.பி. ஆட்கள் செய்யக்கூடாது. ME22N-ல் விலையை மாற்றியதும் பி.ஓ. மறுபடி ரிலீஸுக்குப் போகலாம். அது முடியாமல் நீங்கள் MIRO திறந்தால் பி.ஓ. ரிலீஸ் ஆகவில்லை என்று இன்னொரு எரர் வரும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். "R" பிளாக்கோடு ஏற்கனவே போஸ்ட் ஆன பில் என்றால், விலை திருத்தி ரிலீஸ் ஆன பிறகு MRBR-ல் Release Automatically கொடுத்தால் அதுவே புது விலையோடு ஒப்பிட்டுப் பிளாக்கை எடுத்துவிடும்.

அடுத்த தடவை வாடகைக்கு FRB1 கண்டிஷனை நாங்களே பி.ஓ.வில் போட்டுவிடுகிறோம். ஆனால் அது ஜி.ஆர்.-க்கு முன்னாலேயே இருக்க வேண்டும். இந்தப் பி.ஓ.வில் இப்போது சேர்த்துப் பயனில்லை.

பில்கட்டு

நான் FB02-ல போய் பேமென்ட் பிளாக்கை எடுத்துடுவேன். அது தப்பா?

மூணுவழிப்பொருத்தம்

பணம் போய்விடும், ஆனால் இன்வாய்ஸ் ஐட்டத்தில் விலை பிளாக் அப்படியே நிற்கும். MRBR பட்டியலில் அந்தப் பில் தீராமல் கிடக்கும், யார் எதற்கு ரிலீஸ் பண்ணினார் என்பதும் தெரியாது. MRBR வழியாகவே போங்கள்.

நொய்யல்73

பி.ஓ. டெக்ஸ்டில் வாடகை தனி, ரசீதுப்படி என்று தெளிவாக இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி போட்டேன். சிவப்பு போய்விட்டது, ஆனால் Calculate Tax டிக் பண்ணினால் வரி 19,080-தான் வருகிறது, 540 பேலன்ஸ் நிற்கிறது.

மூணுவழிப்பொருத்தம்

1,06,000-க்கு மட்டும் வரி போட்டிருக்கிறது. வாடகைக் கட்டத்துக்குப் பக்கத்தில் டாக்ஸ் கோடு கேட்கிறதா பாருங்கள், கேட்டால் ஐட்டத்தில் உள்ள அதே டாக்ஸ் கோடைக் கொடுங்கள்.

நொய்யல்73

அந்தக் கட்டமே எங்கள் திரையில் இல்லை. எஃப்.ஐ. கன்சல்டன்டுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், அதுவரை பில் பார்க்கில்தான் இருக்கிறது.

கொள்முதல்மேசை

டிக்கெட்டில் 540-ஐ மட்டும் எழுதாதீர்கள். வாடகை ஸ்டாக்கில் ஏறுகிறதா, தனி ஜி.எல்.-க்குப் போகிறதா என்றும் கேட்டு எழுதுங்கள். கிரானுல்ஸ் பாதி ஏற்கனவே உற்பத்திக்குப் போயிருந்தால், ஸ்டாக்கில் ஏற முடியாத பங்கு விலை வித்தியாசக் கணக்கில் விழும். மாதக் கடைசியில் காஸ்டிங் ஆட்கள் எங்களைத்தான் கேட்பார்கள்.