மன்னிப்புக் கடிதத்தில் இந்த வரியை வைக்கலாமா, எடுக்கலாமா?

வணக்கம். திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டியின் சீல் நம்பர் தாளில் தவறாக ஏறிவிட்டது. துறைமுக கேட்டில் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில், என்னைவிட மூத்த அண்ணனை டிரைவர்கள் எதிரிலேயே "கண்ணு தெரியலன்னா வீட்டுல உட்காருங்க" என்று கத்திவிட்டேன். அவர் பதில் பேசாமல் தாளைத் திருத்திக் கொடுத்தார். அப்புறம் என்னோடு சாப்பிட உட்காரவே இல்லை.

மேலாளர் கேட்ட விளக்கத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டேன். இது அண்ணனுக்கு மட்டும்:

"அண்ணே, செவ்வாய்க்கிழமை டிரைவர்கள் முன்னாடி உங்கள் கண்பார்வையைச் சொல்லிக் கத்தினேன். அது என் தப்பு. சீல் நம்பர் தவறாக இருந்ததால் கோபம் வந்துவிட்டது. அதே இடத்தில், எல்லோர் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன்."

மூன்றாவது வரிதான் உறுத்துகிறது. காரணம் என்று எழுதினாலும் பழி திரும்ப அவர் மேலேயே போய் விழுகிறது. எடுத்துவிட்டால் மழுப்புவது போல இருக்குமோ? இன்னொன்று, மறுபடி எல்லோரையும் கூட்டினால் அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். முதலில் அவரிடமே சம்மதம் கேட்க வேண்டுமா? எழுதிப் பழக்கமுள்ளவர்கள் அந்த வரியைத் திருத்திக் கொடுங்கள். நாளை காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் கொடுக்க நினைக்கிறேன்.