புதுப்பிப்பு: கல்லடி வளவின் எல்லை அளவு

"கையடக்க ஜிபிஎஸ் கருவியால் 20 பேர்ச் வளவின் எல்லையை அளக்கலாமா?"

பலமுறை அளந்து சராசரி எடுக்கச் சொன்ன நண்பரின் யோசனை பாதி சரி. வாசிப்புகளின் அலைவு குறைந்தாலும், தென்னைகளிலும் மதிலிலும் சமிக்ஞை தெறித்து வருவதால் உண்டாகும் பிழை முழுமையாக நீங்காது என்பதால், ஒரு மூலை மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை விலகிக் காட்டக்கூடும். எங்கள் பிணக்கோ ஒன்றரை அடிதான், ஆனால் 25 மீற்றர் வேலியில் அது ஏறத்தாழ அரைப் பேர்ச்.

ஆகவே நில அளவையாளரை அழைத்து, கோணத்தையும் தூரத்தையும் துல்லியமாக அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்தோம். கருவியின் பிழை சில மில்லிமீற்றர்தான் என்றும், ஒன்றரை மீற்றர் உயரத்தில், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் தாங்கிய கோல் ஒரு பாகை சாய்ந்தாலே 2.6 சென்ரிமீற்றர் தவறிவிடும் என்றும் சொல்லி, கோல் நிமிர்ந்து நிற்பதைக் காட்டும் குமிழியை ஒவ்வொரு மூலையிலும் அவரே சரிபார்த்தார்.

வயலின் ஏக்கர் கணக்கைக் கேட்ட அக்கரைப்பற்று அன்பரே, உங்கள் மதிப்பீட்டுக்குக் கையடக்கக் கருவி போதும். எங்களுக்கோ பழைய வரைபடத்திலுள்ள தென்கிழக்கு எல்லைக்கல் இன்னும் அகப்படவில்லை.